அரங்கேற்றத்தில் தொகுப்புரை: ஓர் உருப்படிக்கு நாற்பது விநாடி

தெரிந்தவர் வீட்டுப் பெண்ணுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். மண்டபம் பிடித்தாயிற்று, பக்கவாத்தியம் பேசியாயிற்று, அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. அப்போதுதான் யாருக்காவது ஞாபகம் வரும்: "காம்பியரிங் யார் பண்றது?" எல்லார் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். "உனக்குத்தான் தமிழ் நல்லா வருமே!" நான் முதன்முதலில் மாட்டிக்கொண்டது இப்படித்தான். நாட்டியம் கற்றவளில்லை, பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் நிலையும் அதுவே என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

வரவேற்புரை, குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் எல்லாம் எந்த விழாவிலும் உள்ளவை. அரங்கேற்றத்துக்கே உரிய வேலை ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னால் சொல்லும் சிறு அறிமுகம். இங்கே அதை மட்டும் பார்ப்போம்.

முதலில் யாருக்குச் சொல்கிறோம் என்று பாருங்கள். முன்வரிசையில் குருவின் பழைய மாணவிகளும் சில ரசிகர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் தேவையே இல்லை, ராகத்தையும் தாளத்தையும் சரியாகச் சொன்னால் போதும். மீதி அரங்கு முழுக்க அப்பாவின் அலுவலக நண்பர்கள், அடுக்ககத்துக்காரர்கள், ஊரிலிருந்து வந்த அத்தை, மாமா. அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முழு மார்க்கத்தை, அதாவது தொடக்கம் முதல் தில்லானா வரையிலான உருப்படி வரிசையை, பார்க்கப்போகிறார்கள். கையில் நிகழ்ச்சி நிரல் புத்தகம் இருக்கும். ஆனால் விளக்கை அணைத்துவிட்டால் அதைப் படிக்க முடியாது. இருட்டில் அவர்களுக்குக் காது ஒன்றுதான் துணை.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், இடைவேளைக்குப் பிறகு கீர்த்தனம், பதம், தில்லானா என்று எட்டு உருப்படி வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 40 விநாடி பேசினாலும் மொத்தம் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசும்போது எனக்கு நிமிடத்துக்கு 80, 90 சொற்கள் வரும். ஆக 40 விநாடிக்கு 60 சொல். வர்ணத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், தில்லானாவுக்கு 20 விநாடியே அதிகம். உங்கள் வேகத்தை நீங்களே கைபேசியில் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். வீட்டில் படிக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும், அதற்காக இன்னும் கொஞ்சம் எழுதிச் சேர்த்தால் காதில் ஒன்றும் நிற்காது.

குருவிடம் கேட்க வேண்டியது

எழுத உட்காருவதற்கு முன் குருவிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அழைப்பிதழில் அச்சானதை நம்பி எழுத வேண்டாம். கடைசி வாரத்தில் உருப்படி மாறும், வரிசை மாறும், சில நேரம் ராகமே தப்பாக அச்சாகியிருக்கும். ஒவ்வோர் உருப்படிக்கும் ராகம், தாளம், இயற்றியவர், பாட்டின் முதல் அடி ஆகியவற்றை அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு தெலுங்கிலோ சமஸ்கிருதத்திலோ இருந்தால் முதல் அடியை அவர் சொல்லும்போதே பதிவு செய்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஐந்துக்கும் ஒலி வேறுபாடு காட்ட வழியில்லை. எழுதியதை மட்டும் பார்த்துப் படித்தால் மேடையில் தடுமாறுவோம்.

இவை எல்லாரும் கேட்பவை. பெரும்பாலோர் கேட்க மறந்துபோகும் கேள்வி ஒன்று இருக்கிறது: "டீச்சர், பாட்டு ஆரம்பிச்சதும் முதல்ல என்ன காட்டுறா?"

இதைக் கேட்காமல் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். ஒரு வர்ணத்துக்கு இணையத்தில் பொருள் தேடி, தலைவி கோபத்தில் கொதிக்கிறாள் என்று எழுதிப் படித்தேன். திரை விலகியது. அந்தப் பெண்ணோ வாசலைப் பார்த்தபடி, கண் கலங்க, மெல்லத் தூணில் சாய்ந்து நின்றாள். குரு அமைத்திருந்தது ஏக்கம். கோபம் பாட்டின் பிற்பகுதியில்தான் வருகிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற உறவுக்காரர், "என்னம்மா, கோபமாவே தெரியலையே!" என்றார். அரங்கில் எத்தனை பேர் அதையே நினைத்தார்களோ. தப்பு ஆடியவள் மேல் போய் விழுந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஒரே பாட்டை ஒவ்வொரு குருவும் வேறுவேறு விதமாக அமைப்பார். அதனால் அன்று அந்த மேடையில் என்ன நடக்கப்போகிறது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால் ஓர் ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள்.

எழுதும் வரிசை

இனி ஒரு வர்ணத்தையே எடுத்து எழுதிப் பார்ப்போம். அரங்கேற்றங்களில் அடிக்கடி ஆடப்படும் 'சகியே இந்த வேளையில்'. தஞ்சை நால்வர் உருப்படி, ஆனந்தபைரவி, ஆதி தாளம். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்த நான்கு சகோதரர்கள்தான், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய கச்சேரி வரிசைக்கு 19ஆம் நூற்றாண்டில் வடிவம் கொடுத்தவர்கள்.

நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் பெரும்பாலும் இப்படி எழுதியிருக்கும்:

"தஞ்சை நால்வரால் இயற்றப்பட்டு, ஆனந்தபைரவி ராகத்திலும் ஆதி தாளத்திலும் அமைந்த, தலைவனைப் பிரிந்து வாடும் தலைவியின் விரக தாபத்தையும் அவள் தன் தோழியைத் தூது அனுப்பும் பாங்கையும் சித்தரிக்கும் 'சகியே' எனத் தொடங்கும் பதவர்ணம் அடுத்து இடம்பெறுகிறது."

தாளில் பார்த்தால் இதில் தப்பில்லை. சத்தமாகப் படித்துப் பாருங்கள். என்ன வரப்போகிறது என்பது கடைசிச் சொற்களில்தான் தெரிகிறது. அதுவரை நால்வர், ராகம், தாளம், பிரிவு, தாபம், தூது என்று எல்லாவற்றையும் கேட்பவர் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் நீள வாக்கியம் எழுதினால் இந்தத் தொல்லை கட்டாயம் வரும். கண் என்றால் திரும்பிப் போய்ப் படிக்கும், காதுக்கு அந்த வசதி இல்லை.

அதையே இப்படி மாற்றலாம்:

"அடுத்து, வர்ணம். இன்று மாலை நாம் பார்க்கும் உருப்படிகளில் இதுதான் நீளமானது. சுமார் முப்பத்தைந்து நிமிடம்.

ஒரு பெண் தன் சாமிக்காகக் காத்திருக்கிறாள். எதிரே அவளுடைய தோழி. அந்தத் தோழியை மேடையில் நாம் பார்க்க முடியாது. நாட்டியக் கலைஞரின் பார்வை போகும் இடத்தில் அவள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அவளிடம் இவள் கேட்பது ஒன்றே ஒன்று: 'இந்த நேரத்தில் விளையாடாதே, என் சாமியை அழைத்து வா.'

நடுநடுவே ஜதிகள் வரும். அப்போது கதை நிற்கும், பாதங்கள் பேசும். ஜதி முடிந்ததும் கதை தொடரும்.

ஆனந்தபைரவி ராகம். ஆதி தாளம். இயற்றியவர்கள், தஞ்சை நால்வர்.

'சகியே, இந்த வேளையில்.'"

ஏறக்குறைய எழுபது சொல், ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இதில் எது எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.

முதலில் உருப்படியின் வகை. முந்தைய உருப்படிக்கான கைதட்டல் ஓய்ந்து, யாரோ எழுந்து போய், யாரோ உட்கார்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. முதல் நாலைந்து விநாடி பேசுவது பாதிப்பேர் காதில் விழாது. எனவே, விழாவிட்டாலும் பாதகமில்லாத வாக்கியத்தை அங்கே வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று சொல்வது புதியவர்களுக்கு நான் செய்யும் சின்ன உபகாரம். அரை மணி நேரத்துக்கு மேல் என்று முன்னாலேயே தெரிந்தால் பொறுமையாக உட்காருவார்கள். தெரியாவிட்டால் இருபதாவது நிமிடத்தில் "இன்னும் முடியலையா?" என்று குசுகுசுப்பார்கள்.

இரண்டாவது, காட்சி. தோழி மேடையில் இல்லை என்ற ஒரு குறிப்புதான் இந்த அறிமுகத்தின் உயிர். இது தெரியாதவருக்கு, ஒற்றை ஆளாக நின்று யாரையோ பார்த்துக் கையசைப்பதும் சிணுங்குவதும் புதிராகவே இருக்கும். ஜதி பற்றிய வாக்கியமும் அப்படித்தான். ஏக்கத்தில் துவண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, பாதம் தட்டித் தீர்மானம் அடிப்பது ஏன் என்று முதன்முறை பார்ப்பவருக்குப் புரியாது. விரகம், நாயிகா பாவம், சஞ்சாரி என்ற சொற்களையெல்லாம் இங்கே கொண்டுவராதீர்கள். தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை.

மூன்றாவதாக ராகம், தாளம், இயற்றியவர். தனித்தனிச் சிறு வாக்கியங்களாக, இடையில் மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். ரசிகர்கள் இதற்காகத்தான் காத்திருப்பார்கள்.

கடைசியாகப் பாட்டின் முதல் அடி. அதை இறுதியில் வைக்கக் காரணம் உண்டு. நீங்கள் சொன்ன அதே சொற்களை இன்னும் சற்று நேரத்தில் பாடகர் பாடுவார். அப்போது அந்த அத்தை பக்கத்தில் இருப்பவரிடம், "ஆமா, சகியேன்னு பாடுறாங்க பாரு" என்பார். அதற்கப்புறம் ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள். "கண்டு களியுங்கள்", "உங்கள் பலத்த கரகோஷத்துடன்" எல்லாம் கல்லூரி ஆண்டுவிழாவோடு இருக்கட்டும்.

தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கம் யார், நடன அமைப்பு யார் என்பதைத் தொடக்கத்தில் கலைஞர்களை அறிமுகப்படுத்தும்போது ஒருமுறை சொன்னால் போதும். ஒரே குருவின் பெயரை எட்டு முறை சொல்லும் அரங்கேற்றங்களைக் கேட்டிருக்கிறேன், குருவே நெளிவார். ஓர் உருப்படியை மட்டும் வேறு யாராவது அமைத்திருந்தால் அதை அந்த இடத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

கதையில்லாத உருப்படிகள்

அலாரிப்பு, ஜதிஸ்வரம், தில்லானா மூன்றிலும் புதியவர்கள் திணறுவார்கள். சொல்லக் கதை இல்லையே என்று தத்துவத்துக்குள் புகுந்துவிடுவார்கள். 'மொட்டு மலர்வதுபோல' என்ற உவமை இல்லாத அலாரிப்பு அறிமுகத்தை நான் கேட்டதே இல்லை. கதை இல்லை என்பதையே சொல்லிவிட்டு, எதைப் பார்க்கலாம் என்று காட்டிவிடுங்கள்:

"அலாரிப்பு. இதில் பாட்டு இல்லை, கதையும் இல்லை. நட்டுவனார் சொல்லும் சொற்கட்டு, மிருதங்கம், அவ்வளவுதான். முதலில் கண்கள் அசையும். பிறகு கழுத்து, தோள், கைகள். கடைசியில் உடல் முழுவதும். திஸ்ர ஏக தாளம்."

முப்பது சொல்கூட இல்லை. கேட்டவர் கண் தானாக ஆடுபவளின் கண்ணுக்குப் போகும்.

ஜதிஸ்வரத்தில் சொல்ல வேண்டியது, பாடகர் பாடுவது வெறும் ஸ்வரங்கள், அதில் சொற்கள் இல்லை என்பது. இல்லாவிட்டால் பொருள் புரியவில்லையே என்று மக்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். அடுத்து வரும் சப்தத்தில் முகபாவம் முதன்முறையாக நுழைகிறது, "இனிமேல் கைகளும் முகமும் கதை சொல்லத் தொடங்கும்" என்ற ஒரு வரி அங்கே போதும்.

எல்லாருக்கும் தெரிந்த பாட்டு வந்தால் வேறு மாதிரிச் சிக்கல். பாபநாசம் சிவனின் 'என்ன தவம் செய்தனை' வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காபி ராகம், ஆதி தாளம். அரங்கில் பாதிப்பேருக்கு மனப்பாடம். அவர்களுக்கு வரிக்கு வரி பொழிப்புரை சொன்னால் பொறுமை போய்விடும். எது தெரியாதோ அதை மட்டும் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பது யசோதை இல்லை, அவளைப் பார்த்து வியக்கும் ஒருவர். ஆடுபவள் வியப்பவராகவும் யசோதையாகவும் குறும்புக் கண்ணனாகவும் மாறிமாறி வருவாள். இதை இரண்டு வரியில் சொன்னால் ஏற்கெனவே தெரிந்த பாட்டையும் புதிதாகப் பார்ப்பார்கள். உரலில் கட்டியது, பிரமன் பொறாமைப்பட்டது எல்லாவற்றையும் நீங்களே சொல்லித் தீர்த்துவிட்டால் அவள் மேடையில் காட்ட என்ன மிச்சம் இருக்கும்?

தில்லானாவுக்கு வரும்போது எல்லாரும் களைத்திருப்பார்கள், நீங்கள் உட்பட. "நிறைவாக, தில்லானா. தனஸ்ரீ ராகம், ஆதி தாளம். இயற்றியவர் சுவாதித் திருநாள். தொடர்ந்து, மங்களம்." முடிந்தது. 'தொடர்ந்து, மங்களம்' என்பதை மறக்கவே கூடாது. சொல்லாவிட்டால் தில்லானா முடிந்த கையோடு கூட்டம் எழுந்து செருப்பைத் தேடும். நன்றியுரையைத் தில்லானாவுக்கு முன் செருகச் சொல்லி வீட்டார் கேட்பார்கள். முடிந்தவரை மறுத்துவிடுங்கள், உடல் சூடு தணிந்தபின் தில்லானா ஆடுவது அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம். வர்ணத்துக்குப் பிறகு உடை மாற்றும் இடைவேளையே பேச்சுகளுக்குச் சரியான இடம்.

இலண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் அரங்கேற்றம் என்றால் இரண்டு மொழியில் சொல்ல வேண்டியிருக்கும். தமிழில் சொன்னதையே அப்படியே ஆங்கிலத்திலும் சொன்னால் ஒவ்வோர் அறிமுகமும் இரட்டிப்பாகும். காட்சியை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாகச் சுருக்கி முதலில் சொல்லிவிட்டு, பிறகு தமிழுக்கு வாருங்கள். ராகம், தாளம், முதல் அடி தமிழில் ஒருமுறை வந்தால் போதும், அவை எந்த மொழியிலும் அதே சொற்கள்தான்.

சோதித்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும் நாட்டியம் பக்கமே போகாத ஒருவரைப் பிடியுங்கள். எனக்கு என் தம்பி. அவன் முகத்தைப் பார்க்காமல், ஒரே ஒரு முறை படித்துக் காட்டுவேன். "இப்ப மேடையில என்ன நடக்கும்னு சொல்லு" என்று கேட்பேன். "யாரோ ஒரு பொண்ணு ஃபிரண்டைத் தூது போகச் சொல்றா" என்றால் தேறியது. "ஏதோ ராகம்" என்றால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

படிக்கும்போது நாக்கு இடறும் இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே சொல்லை மாற்றுங்கள். 'ப' வரும் சொற்களில் இன்னொரு தொல்லை. 'புஷ்பாஞ்சலி', 'பதம்' போன்ற சொற்கள் மைக்கில் வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் நாலு விரற்கடை தள்ளி, சற்று ஓரமாகப் பிடித்தால் அது அடங்கும். அரங்கு திறந்ததும் 'புஷ்பாஞ்சலி' என்று ஒருமுறை சொல்லியே ஒலியைச் சோதித்துவிடுங்கள்.

தாள்களைப் பொறுத்தவரை, கைபேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம். இருட்டில் முகத்தில் வெளிச்சம் அடிக்கும், நடுவில் யாராவது அழைப்பார்கள். கனமான அட்டையில், ஓர் உருப்படிக்கு ஓர் அட்டை, பெரிய எழுத்து. மெல்லிய தாள் மைக் அருகே சரசரக்கும். அட்டைகளைச் சேர்த்துப் பின் அடிக்காதீர்கள். வரிசை மாறினால் உருவி மாற்ற வசதியாக இருக்கும்.

அன்று மாலை

வரிசை மாறத்தான் செய்யும். உடை மாற்றுவது தாமதமானதால் ஒருமுறை பதத்துக்கும் கீர்த்தனத்துக்கும் இடம் மாறியது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் பாட்டுக்குக் கீர்த்தனத்தைத் தொடங்கினேன். பாடகர் தலையைத் தலையை ஆட்டுகிறார், நானோ அட்டையிலிருந்து கண் எடுக்கவில்லை. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் அட்டையைத் தொடுவதற்கு முன்னும் நட்டுவனாரைப் பார்த்து உருப்படியின் பெயரை உதடு அசைத்துக் கேட்பேன். அவர் தலையசைத்த பிறகுதான் மைக்கை இயக்குவேன். அதே நேரம் பக்கத் திரையோரம் ஆடுபவள் தயாராக நிற்கிறாளா என்று பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அறிமுகம் முடிந்து மேடை ஒரு நிமிடம் காலியாகக் கிடந்தால் நீங்கள் ஊட்டிய காட்சி ஆறிப்போய்விடும்.

ஆடுபவள் தயாரில்லை என்றால்? அறிமுகத்தை இழுக்காதீர்கள். அதைத் தொடங்கவே வேண்டாம். இதற்கென்று தனியாக இரண்டு அட்டை வைத்திருங்கள். ஒன்றில் பக்கவாத்தியக் கலைஞர் ஒருவரைப் பற்றி நாலு வரி, அவரே சரிபார்த்தது. இன்னொன்றில் அந்தப் பெண்ணின் நாட்டிய வகுப்பு பற்றிக் குருவோ அம்மாவோ சொன்ன ஒரு சின்னச் சம்பவம். சிலப்பதிகாரத்து மாதவியின் அரங்கேற்றம் வேண்டாம், அதை எப்படியும் சிறப்பு விருந்தினர் சொல்லிவிடுவார்.

பேசும்போது பின்னால் தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கும். அதோடு போட்டி போட்டுக் குரலை உயர்த்த வேண்டாம், கொஞ்சம் தணித்தே பேசுங்கள். முதல் அடியைச் சொன்னதும் மைக்கை அணைத்துவிட்டு, அணைந்திருக்கிறதா என்று விளக்கையும் பாருங்கள். ஓர் அரங்கேற்றத்தில் தில்லானாவை அறிவித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்ணின் அத்தையிடம் மெதுவாக, "சாப்பாடு எங்க, மாடியிலயா?" என்று கேட்டேன். பதில் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது: "கீழம்மா!"